ஹார்ட் டிஸ்க் ஏன் 'டிக் டிக்' என்கிறது?

கல்யாணப் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க் திடீரென 'டிக்... டிக்...' என்கிறதா? உடனே நிறுத்துங்கள்.

உள்ளே கிராமபோன் போல ஒரு தட்டு சுழல்கிறது, நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,400 முறை. ஆனால் இங்கே முள் தட்டைத் தொடக் கூடாது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் மிதக்கும். ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தால் முள் சேதமாகலாம், தட்டு கீறலாம். பிறகு இடம் பிடிபடாமல், முள் மறுபடி மறுபடி தொடக்கத்துக்கே திரும்பும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம். ஓடவிட்டால் கீறல் பெருகும்.

சத்தமில்லாத அறிகுறியும் உண்டு. ஒரு படம் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறதா? ஈடுசெய்ய முடியாத படங்களை முதலில் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். சோதனை, பழுதுநீக்கம் எல்லாம் அப்புறம்.

எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, சில்லுகள்தான். விழுந்தாலும் தாங்கும். 200 ஜிபி படங்களை ஏற்ற ஹார்ட் டிஸ்க்குக்கு அரை மணிக்கு மேல் ஆகும். சாதாரண எஸ்எஸ்டிக்கு ஏழு நிமிடம் போதும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் இரண்டுக்குமே ஒன்றரை மணி நேரம்! ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது முன்னறிவிப்பே இல்லாமல் போகலாம். வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால், சில்லில் உள்ள மின்னேற்றம் கசியவும் செய்யும். பையில் அலைய எஸ்எஸ்டி, பீரோவில் கிடக்க ஹார்ட் டிஸ்க் என்பேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் பெரும்பாக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. சேற்றுநீர் அதன் வழியே நுழையும். நனைந்ததைக் காயவைத்துச் செருகிப் பார்க்காதீர்கள். அப்படியே தரவு மீட்பவரிடம் கொடுங்கள். இன்னொரு நகல் மேல்மாடியில் இருக்கும் உறவினர் வீட்டில் இருந்தால் அந்தச் செலவும் மிச்சம்.