"அரிசி கடையில இருக்கே, எதுக்கு நன்றி?" - அறுவடைத் திருநாளை 90 விநாடியில் குழந்தைகளுக்குச் சொல்வது எப்படி?

மேனாம்பேட்டில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில், போன பொங்கலுக்கு ஒரு வேலை என் தலையில் விழுந்தது. கீழே பொங்கல் வைப்பதற்கு முன்னால் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்ட ஒரு சின்ன வீடியோ வேண்டுமாம். "நீதானே மீடியா படிச்சவ, ஒன்றரை நிமிஷம் போதும்" என்றார்கள்.

முதல் ஸ்கிரிப்டை அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு எட்டு வயசு. "உழவர்கள் சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள்" என்ற முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள். "அரிசி எப்பவும் கடையில இருக்கே சித்தி, எதுக்கு நன்றி சொல்லணும்?"

நியாயமான கேள்வி. அரிசி வராமலும் போயிருக்கலாம் என்பது தெரியாத ஒருவருக்கு 'நன்றி' என்ற வார்த்தை வெறும் மரியாதைப் பேச்சுதான். ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து மறுபடி எழுதினேன். பொங்கல் நேரத்தில் பள்ளிக்கோ, குடியிருப்புக்கோ, உங்கள் சேனலுக்கோ இப்படி ஒரு வீடியோ செய்யப்போகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவலாம்.

காலண்டரைப் பின்னால் திருப்புங்கள்

ஜனவரி 15-ல் அறுவடை என்று வைத்துக்கொள்வோம். நம் திருவள்ளூர் மாவட்டத்து நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். அம்பத்தூரில் ரயில் ஏறினால் செவ்வாப்பேட்டை ரோடு பக்கம் திரூர் வருகிறது. அங்கே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்களெல்லாம் அங்கே உருவானவை. அதில் டி.கே.எம். 13 என்ற ரகத்துக்கு வயது சுமார் 130 நாள். ஜனவரி 15-லிருந்து 130 நாள் பின்னால் போனால் செப்டம்பர் 7. அன்றைக்கு நாற்றங்காலில் விதை விழுந்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நடவு. அதே மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. சென்னைப் பக்கம் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். ஏரி நிரம்பும், மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் போகும்.

இதுவரை எல்லாம் சரி. டிசம்பர் நடுவில்தான் நெல் பூக்கிறது. பூத்து முப்பது நாளில் மணி முற்றும். அந்த முப்பது நாளும் விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் மகரந்தம் சேராமல் கதிர் பதராகிவிடும். வெளியே பார்த்தால் நெல் மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மணி முற்றும்போது காற்றும் மழையும் அடித்தால் பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும். டிசம்பர் நம் ஊரில் புயல் மாதமும்கூட. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றதைப் பார்த்த குழந்தைகள் அந்தக் குடியிருப்பிலேயே இருந்தார்கள். "அதே மழை ஒரு வயல் மேல பெஞ்சா?" என்று கேட்டாலே போதும், பாதி வீடியோ முடிந்துவிட்டது.

தை மாதம் வந்து, மழை நின்று, கதிர் கையில் கனத்தால் அது நாலு மாதப் பயம் தீர்ந்த நாள். அந்தப் பெருமூச்சுதான் பொங்கல் பானையில் பொங்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

டம்ளரில் ஒரு சோதனை

இதை வாயால் சொல்லாமல் காட்ட முடியுமா என்று யோசித்தபோது கைகொடுத்தவர் அக்காவின் மாமியார். ஒரு கைப்பிடி நெல்லைத் தண்ணீர் டம்ளரில் போட்டார். நல்ல நெல் அடியில் போனது, பதர் மிதந்தது. விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் செய்வதும் இதுதான். அவர்கள் இன்னும் கறாராக, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் செய்வார்கள், அரைகுறையாக விளைந்த நெல்கூட மேலே வந்துவிடும். வீடியோவில் இது ஆறு விநாடி ஷாட். வசனமே வேண்டாம்.

அடுத்து அவரே இன்னொன்று சொன்னார்: "அரிசியையும் நெல்லையும் ஊறப்போட்டுப் பாரு." ஒரு கிண்ணத்தில் நெல், இன்னொன்றில் பச்சரிசி. ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் இன்னொரு நாள் கட்டி வைத்தோம். நெல்லின் முனையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அரிசி நொசநொசவென்று புளித்ததுதான் மிச்சம். ஆலையில் உமியை நீக்கித் தீட்டும்போது முளைக்கருவும் போய்விடுகிறது.

குழந்தைகளுக்கு இதில் கிடைக்கும் சங்கதி பெரியது. கையில் இருக்கும் நெல்லைச் சோறாகவும் ஆக்கலாம், அடுத்த வருஷத்து விதையாகவும் வைக்கலாம். எல்லாவற்றையும் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் ஒன்றும் இல்லை. புது நெல் வந்ததும் பாயாமல், முதல் பிடியை எடுத்துத் தனியாக வைக்கும் பழக்கம் ஏன் இத்தனை ஊர்களில் இருக்கிறது என்பது இங்கிருந்து பார்த்தால் எளிதாகப் புரிகிறது. சாமிக்குப் படைப்பது என்பது அந்த 'கொஞ்சம் நில்லு' என்பதன் ஒரு வடிவம்.

ஒரு எச்சரிக்கை. அன்றைக்கு அறுத்த நெல்லில் இந்தச் சோதனையைச் செய்தால் முளைக்காமல் போகலாம். பல ரகங்களுக்கு அறுவடைக்குப் பிறகு சில வாரம் உறக்க காலம் உண்டு. மழையில் நனைந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு அது. கேமராவை வைத்துவிட்டு ஏமாறாதீர்கள், பழைய விதை நெல்லைக் கேட்டு வாங்குங்கள். புழுங்கல் போட்ட நெல்லும் முளைக்காது.

முதல் கதிர் எங்கே போகிறது?

'முதல் விளைச்சலைப் படைப்பது' என்றால் என்ன என்று காட்ட எனக்கு நம் பொங்கல் பானையைவிட யாழ்ப்பாணம்தான் தெளிவான உதாரணமாகப் பட்டது. அங்கே இதற்குப் பெயரே இருக்கிறது: புதிர் எடுத்தல். தைப்பூசத்தை ஒட்டி வயலில் சில கதிர்களை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசியாக்கிச் சமைத்துப் படைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் சேர்ந்து உண்பார்கள். நல்லூர் கந்தசுவாமி கோயிலில் இது பெரிய அளவில் நடக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள், தென்மராட்சியில் மறவன்புலவுப் பக்கம் கோயிலுக்குச் சொந்தமான வயலுக்குப் போய் நெல் அறுத்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். வயல், வண்டி, கோயில் என்று மூன்றே ஷாட்டில் விஷயம் புரிந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களில் இதே காரியம் நிறைபுத்தரிசி என்ற பெயரில் ஆடி மாதம் நடக்கிறது. பூஜை செய்த கதிரைப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். அதை வாசலில் கட்டி வைப்பது வழக்கம்.

ஏன் ஆடியில்? என் வீடியோவில் குழந்தைகள் அதிகம் ரசித்த இடம் இதுதான். குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. அந்த மழையை நம்பிப் போடும் கன்னிப்பூ சாகுபடி ஆடி, ஆவணி வாக்கில் அறுவடைக்கு வருகிறது. ஒரே மாநிலம்தான், ஆனால் மழை வேறு, அதனால் திருநாளும் வேறு. மேற்கு ஒடிசாவில் நுவாகாய் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வருகிறது. 'நுவா' என்றால் புதிது, 'காய்' என்றால் உண்பது. ஜப்பானில் பேரரசர் புது அரிசியைப் படைக்கும் நீநாமேசாய் சடங்கு நவம்பர் 23. அந்தத் தேதி அங்கே இப்போது உழைப்புக்கு நன்றி சொல்லும் பொது விடுமுறையும்கூட. நம்மூர் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறியும் வாழைத்தாரும் கொண்டுவந்து வைத்து ஏலம் விடுவதைக் குடியிருப்பின் கிறிஸ்தவக் குழந்தைகளே எடுத்துச் சொன்னார்கள். "எங்க சர்ச்லயும் இருக்கு ஆன்ட்டி!"

"இந்தியா முழுக்க ஒரே நாளில் அறுவடைத் திருநாள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மழை அப்படிப் பெய்வதில்லை.

சொதப்பும் இடங்கள்

பொங்கல் வீடியோக்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு, கோதுமை. இலவச வீடியோத் தளங்களில் 'அறுவடை' என்று தேடினால் கோதுமை வயல்தான் முதலில் வருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். முற்றிய கோதுமைக் கதிர் மீசையோடு விறைப்பாக நிற்கும். முற்றிய நெற்கதிர் பாரம் தாங்காமல் வளைந்து தொங்கும். கிளிப் வேண்டாம் என்றால் திருநின்றவூர் தாண்டிப் போய்ப் பாருங்கள், வீட்டு மனைப் பலகைகளுக்கு நடுவே இன்னும் வயல் இருக்கிறது. அங்கே எடுத்த பத்து விநாடி எந்த இலவச கிளிப்பையும்விடத் தேவலாம்.

அடுத்தது, பானையில் இருப்பது எந்த அரிசி என்பது. நகரத்தில் நாம் வைப்பது பெரும்பாலும் பழைய அரிசி. புது அரிசி சீக்கிரம் குழையும், கஞ்சி கொழகொழவென்று இருக்கும். பழையது தண்ணீர் நிறையக் குடித்து உதிரியாக நிற்கும். அன்றாடச் சாப்பாட்டுக்குப் பழையதும், பொங்கலுக்குப் புதியதும் ஏன் தோதாக இருக்கிறது என்பதற்கு விடை இதிலேயே உண்டு. அறுத்த உடனே நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதை 14 சதவீதம் வரை காயவைத்தால்தான் மூட்டை கட்டிச் சேமிக்க முடியும். முதலில் கொஞ்சம் அறுத்துக் காயவைத்துக் குத்தியெடுத்ததைத்தான் அந்தக் காலத்துப் பானை பார்த்திருக்கும்.

சூரியன் மகர ராசிக்குள் போவது, உத்தராயணம் இதையெல்லாம் நான் விட்டுவிட்டேன். பகல் நீளத் தொடங்குவது டிசம்பர் 21, 22 வாக்கிலேயே. பிறகு ஏன் பண்டிகை ஜனவரியில் என்று ஒரு குழந்தை கேட்டால் அதற்கே தனி வீடியோ வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கும் எட்டு விநாடிக்கு மேல் ஒதுக்கவில்லை, மன்னிக்கவும்.

குழந்தைகளுக்கு நிதானமாகப் பேசினால் 90 விநாடியில் 130, 140 வார்த்தைகள்தான் பிடிக்கும். கடைசியில் நான் வைத்துக்கொண்ட தொடக்கம் இது:

"இந்த டம்ளர்ல ரெண்டு நெல் இருக்கு. ஒண்ணு மிதக்குது, ஒண்ணு முங்குது. மிதக்குறதுக்குள்ள அரிசியே இல்ல! டிசம்பர்ல நெல் பூக்கும்போது பெரிய மழை வந்தா, வயல் முழுக்க இப்படி ஆகலாம். இந்த வருஷம் ஆகல. அதுக்குத்தான் இன்னிக்குப் பொங்கல்."

ஓடவிட்டோம். முடிந்ததும் கைதட்டல் வந்தது, பானையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. அக்கா மகள் மட்டும் என்னிடம் வந்து, "அப்போ போன வருஷம் மழை வந்து பதராப் போச்சுன்னா அவங்க பொங்கல் வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள். மாமியார் பானையைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்: "வைப்போம்டி. கடன் வாங்கின அரிசியில."