மழைக்கு முன்பே மதகைத் திறக்கும் கணக்கு

பெருங்குடியில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் கண் போவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம்தான். அங்கே நீர் ஏறினால், அது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கடலைத் தேடிப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நகரத்துக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியில் நிலைமை வேறு. அங்கே மதகுகள் இருக்கின்றன. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை மனிதர்கள் முடிவு செய்யலாம். அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக்க நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி நீர் பிடிக்கும். ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். மதகைத் திறந்தால் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையில் ஏரி சுமார் 22 அடியில் இருந்தது. அன்று கொட்டிய மழையில், மாலைக்குள் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்க வேண்டியதாயிற்று. ஆற்றங்கரை வீடுகளில் மாடி வரை நீர் ஏறியது.

“அப்படியானால் மழைக்காலம் முழுக்க ஏரியைக் காலியாகவே வைத்திருக்கலாமே!” என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்த ஏரி சென்னையின் குடிநீர். 2019 ஜூன் மாதம் இதே ஏரி வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. தெருத் தெருவாகக் குடங்கள் வரிசையில் நின்றன. ஆகவே ஏரி நிரம்பவும் வேண்டும், வழியவும் கூடாது. மதகைத் திறக்கவும் வேண்டும், ஆற்றங்கரை மூழ்கவும் கூடாது.

இந்த மாதிரிச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட முறைதான் முன்கணிப்புக் கட்டுப்பாடு. அவர்கள் பேச்சில் ‘மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல்’. ராஜீவ் காந்தி சாலையில் மாநகரப் பேருந்து ஓட்டுநரைக் கவனித்திருக்கிறீர்களா? தூரத்தில் சிக்னல் சிவப்பாவதைப் பார்த்ததுமே காலை மெல்ல பிரேக்கில் வைப்பார். அருகே போய் ஒரேயடியாக மிதித்தால் நிற்பவர்கள் விழுந்துவிடுவார்கள். சிக்னல் பச்சையானால் மனத்தில் போட்ட திட்டத்தைக் கைவிட்டுப் புதிதாக யோசிப்பார். முன்னே பார்ப்பது, வரம்புக்குள் திட்டமிடுவது, கொஞ்சம் மட்டும் செய்வது, மறுபடி பார்ப்பது. முறை முழுவதும் இவ்வளவுதான். இனி இதை எண்ணில் செய்து பார்ப்போம்.

காகிதம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை; ஏரியின் கொள்ளளவு மட்டும் உண்மையானது. ஏரியில் இப்போது 3,100 இருக்கிறது. (எல்லாமே மில்லியன் கன அடி, ஒவ்வொரு முறையும் சொல்லப் போவதில்லை.) அடுத்த 24 மணி நேரத்தை ஆறு ஆறு மணியாக நான்கு படிகளாகப் பிரிக்கிறோம். அந்தப் படிகளில் ஏரிக்கு வரப்போகும் நீர் 50, 150, 450, 350 என்று மழைக் கணிப்பு சொல்கிறது.

முதலில் வேண்டியது ஒரு மாதிரி, அதாவது ஏரி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் சூத்திரம். நம் ஏரிக்கு அது மிக எளிது: இருந்த நீரோடு வரும் நீரைக் கூட்டி, விடும் நீரைக் கழித்தால் அடுத்த படியின் நீர் கிடைத்துவிடும்.

அடுத்து வரம்புகள். நம் கையில் இருப்பது மதகு. அதற்கு இரண்டு வரம்புகள் வைப்போம். ஒரு படியில் 200க்கு மேல் விடக்கூடாது, ஏனென்றால் ஆறு தாங்காது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு 80க்கு மேல் கூட்டவும் கூடாது; கரையோர மக்கள் மேடான இடத்துக்குப் போக நேரம் வேண்டும். இவை உள்ளீட்டு வரம்புகள். நம் செயலின் விளைவாக ஏறி இறங்குவது ஏரியின் நீர். அது 3,645ஐத் தொடவே கூடாது என்பதால், கொஞ்சம் இடம் விட்டு 3,600 என்று வைப்போம். இது வெளியீட்டு வரம்பு. மதகில் இப்போது ஒரு படிக்கு 20 என்ற அளவில் நீர் போய்க்கொண்டிருக்கிறது.

முன்னே பார்க்காத ஒருவர் என்ன செய்வார்? முதல் படி முடிவில் 3,130. பயமில்லை. இரண்டாம் படி முடிவில் 3,260. இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று சும்மா இருப்பார். மூன்றாம் படியில் 450 வந்து சேர்கிறது. பதறி 80 கூட்டி 100 விடுகிறார். ஏரி 3,610க்கு வந்துவிட்டது. நான்காம் படியில் 350 வருகிறது. இப்போது வரம்புப்படி அவரால் 180தான் விட முடியும். விட்டால் ஏரி 3,780 ஆகிவிடும், அவ்வளவு நீரை அது பிடிக்காது. வழிந்து போகாமல் தடுக்கவே குறைந்தது 315 விட்டாக வேண்டும். அது வினாடிக்குச் சுமார் 14,600 கன அடி. வரம்புகள் எல்லாம் உடைந்துவிட்டன.

முன்னே பார்ப்பவர் இப்படிக் கணக்குப் போடுவார். நான்கு படிகளில் வரப்போவது மொத்தம் 1,000. ஏரியில் 3,600 வரை இருக்கும் இடம் 500. அப்படியானால் மீதி 500ஐ வெளியே விட வேண்டும். எப்படிப் பிரிப்பது? கணினிக்கு இதைச் சொல்ல ஓர் அழகான வழி உண்டு: ஒவ்வொரு படியிலும் விடும் நீரின் வர்க்கத்தைத் தண்டப் புள்ளியாக வை, மொத்தப் புள்ளி எதில் குறைவோ அந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடு. 100ம் 300ம் விட்டால் புள்ளி 1,00,000. 200ம் 200ம் விட்டால் 80,000. வர்க்கம் எடுத்ததாலேயே கணினி தானாகச் சீராகப் பிரிக்கத் தொடங்கிவிடும். நம் ஏரிக்கு வரும் விடை 100, 133, 133, 134. முதல் படி 100தான், 20லிருந்து அதற்கு மேல் தாவ அனுமதி இல்லை. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: ஏரி 3,050, 3,067, 3,384, 3,600 என்று போகும். ஒரு வரம்பும் மீறவில்லை. ஆற்றில் அதிகபட்சம் போவது வினாடிக்குச் சுமார் 6,200 கன அடி. அதே மழைதான், ஏரி கடைசியில் நிறைந்தும் இருக்கிறது.

முதல் படியைக் கவனியுங்கள். இன்னும் மழையே வலுக்கவில்லை, ஏரியில் இடம் இருக்கிறது, ஆனாலும் நீரை விடுகிறோம். பார்ப்பவர்களுக்கு இது வீணாகத் தோன்றும். நீரைச் சீராகப் பிரிக்கச் சொல்லும் வர்க்கத் தண்டப் புள்ளிதான் இவ்வளவு சீக்கிரம் நம்மைத் தொடங்க வைக்கிறது.

இந்த நான்கு எண்களில் நாம் நிறைவேற்றப் போவது முதல் எண்ணை மட்டும். 100 விடுகிறோம், ஆறு மணி நேரம் கழித்து ஏரியை அளக்கிறோம். 50 வரும் என்று சொன்னார்கள், வந்ததோ 70. ஆகவே 3,050க்குப் பதில் 3,070 இருக்கிறது. மழைக் கணிப்பும் மாறியிருக்கிறது: அடுத்த நான்கு படிகளுக்கு 150, 550, 350, 100. பழைய திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்றைய அளவிலிருந்து மறுபடி 24 மணி நேரத்துக்குக் கணக்கிடுகிறோம். புதிய விடை 173, 173, 174, பிறகு 100. பழைய திட்டத்தில் 133 என்று இருந்த இடத்தில் இப்போது 173 விடுவோம், மற்றவற்றைத் தூக்கி வைத்துவிடுவோம். நாம் நகர நகர அந்த 24 மணி நேரமும் நமக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. நகரும் தொடுவானம் என்று இதைச் சொல்லலாம். கணிப்பு தப்பினாலும் அளவு தப்பாது. அளந்து பார்ப்பதால் தவறு சேர்ந்துகொண்டே போவதில்லை.

24 மணி நேரம்தான் பார்க்க வேண்டுமா? ஆறு மணி நேரம் மட்டும் முன்னே பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் படியில் ஆபத்தே தெரியாது, இரண்டாம் படியிலும் தெரியாது. முன்பு பதறினாரே, அவருடைய கதைதான் திரும்ப நடக்கும். பத்து நாள் முன்னே பார்த்தால் அவ்வளவு தூரத்து மழைக் கணிப்பை நம்ப முடியாது. மதகை மெல்லக் கூட்டி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ, குறைந்தது அவ்வளவாவது முன்னே பார்த்தாக வேண்டும்.

சில சமயம் விடையே கிடைக்காது. புதிய கணிப்பின் இரண்டாம் படியில் 550க்குப் பதில் 800 வரும் என்று வையுங்கள். மதகின் இரண்டு வரம்பையும் மதித்து விடக்கூடியது 180, 200, 200. அப்படியும் ஏரி 3,790ஐத் தொட்டுவிடும். கணினி கையை விரித்துவிடும். மழை நேரத்தில் அப்படி விரித்தால் எப்படி? அதனால் வரம்புகளை முன்கூட்டியே இரண்டு வகையாகப் பிரித்து வைப்பார்கள். செம்பரம்பாக்கத்தின் கரை மண்கரை. நீர் அதன்மேல் வழிந்தால் மண் அரித்துக் கரை உடையும், ஏரி முழுவதும் ஒன்றாக வந்துவிடும். ஆகவே அது உடையாத வரம்பு. ஆற்றில் 200க்கு மேல் விடாதே என்பது வளையும் வரம்பு. அதை மீறலாம், ஆனால் மீறும் ஒவ்வொரு அளவுக்கும் பெரிய தண்டப் புள்ளி. 2015இல் அன்று மாலை மதகு அவ்வளவு திறக்கப்பட்டதும் கரையைக் காக்கத்தான் என்று சொல்லப்பட்டது. எது வளையலாம், எது வளையக்கூடாது என்பதைக் கணினி சொல்லாது, அதை மனிதர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடையாற்றுக்கு வருவது இந்த மதகின் நீர் மட்டும் இல்லை. வழியில் பல ஏரிகளின் உபரியும் ஊர்களில் பெய்யும் மழையும் அதில் சேரும். ஏரிக்கு மட்டும் மாதிரி போட்டால் சைதாப்பேட்டையில் என்ன நடக்கும் என்று தெரியாது. ஆற்றுக்கும் மாதிரி வேண்டும், மதகிலிருந்து நீர் அங்கே போய்ச் சேர ஆகும் நேரமும் கணக்கில் வர வேண்டும்.

இந்த முறை பிறந்தது ஆற்றங்கரையில் இல்லை, எண்ணெய் ஆலையில். 1970களில் பிரான்சில் ரிஷலே என்பவரும், ஷெல் நிறுவனத்தில் கட்லர், ரமேக்கர் என்ற பொறியாளர்களும் தனித்தனியாக இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் காலக் கணினிகள் மெதுவானவை. ஆனால் ஆலையின் உலைகளும் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் கணக்குப் போட நேரம் கிடைத்தது. ஏரியும் அப்படி மெதுவாக மாறுவதுதான். பெல்ஜியத்தில் டெமர் என்ற ஆற்றில் 1998இல் வெள்ளம் வந்தது. அதன் மதகுகளுக்கு இதே முறையைப் பொருத்தி லூவன் பல்கலைக்கழகத்தார் கணினியில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மழைக் கணிப்பையே நம்ப முடியாவிட்டால்? ஒரே கணிப்புக்குப் பதில் பல கணிப்புகளை வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் படி மழை நீர் 350ஆகவும் இருக்கலாம், 450ஆகவும் இருக்கலாம், 550ஆகவும் இருக்கலாம். 3,100இலிருந்து மூன்றுக்கும் தனித்தனியாகத் திட்டம் போடுங்கள். 350 என்றால் 100, 100, 100, 100. 450 என்றால் 100, 133, 133, 134. 550 என்றால் 100, 166, 167, 167. மூன்றிலும் முதல் எண் ஒன்றுதான். எந்தக் கணிப்பு சரி என்று இப்போதே சண்டை போட வேண்டியதில்லை. 100 விட்டுவிட்டு ஆறு மணி நேரம் கழித்து வானத்தைப் பார்த்தால் போதும்.