விற்றது விளம்பரமா, ஸ்டாரா?

இணையத்தில் இரும்பு தோசைக்கல் விற்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் அவர் இன்ஸ்டாகிராமில் கொடுத்த விளம்பரத்தைத் தட்டிக் கடைப்பக்கத்துக்கு வந்தவர்கள் 2000 பேர். வாங்கியவர்கள் 60 பேர், அதாவது நூற்றுக்கு 3. வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற இந்தக் கணக்கைத்தான் விளம்பரத் தொழிலில் ‘கன்வர்ஷன் ரேட்’ என்கிறார்கள். ஜூலையில் அவர் ஒரு டிசைனரைப் பிடித்துப் புது விளம்பரம் செய்தார். ஆகஸ்டில் அதே 2000 பேர் வந்தார்கள். 90 பேர் வாங்கினார்கள். நூற்றுக்கு 3 இப்போது நாலரை ஆகிவிட்டது.

டிசைனருக்குப் பெருமை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கடைப்பக்கத்தில் இன்னொன்றும் மாறியிருந்தது. ஜூனில் தோசைக்கல்லுக்கு 14 ரிவ்யூ, 3.9 ஸ்டார். ஆகஸ்டில் 160 ரிவ்யூ, 4.3 ஸ்டார். கூடுதலாக விற்ற 30 கல்லை விற்றது விளம்பரமா, ஸ்டாரா?

இரண்டும் ஒன்றாக ஏறும்போது, மொத்த விற்பனையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் வராது. ஸ்டாரைப் பார்த்தும் விளம்பரத்தைப் பார்க்காத ஒரு கூட்டம் வேண்டும்.

பொருளாதார ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறார்கள். நல்ல புத்தகத்துக்கு நல்ல ரிவ்யூவும் வரும், நல்ல விற்பனையும் இருக்கும். அதை வைத்து ரிவ்யூதான் விற்றது என்று சொல்லிவிட முடியாது. ஜூடித் ஷெவாலியே, டினா மேஸ்லின் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரே புத்தகத்தை அமேசான், பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற இரண்டு இணையக் கடைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். புத்தகம் ஒன்றே, எழுத்தாளரும் ஒருவரே. பத்திரிகை மதிப்புரை வந்தாலும் இரண்டு கடைக்கும் பொது. ரிவ்யூ மட்டும் கடைக்குக் கடை வேறு. ஒரு கடையில் ரிவ்யூ மேம்பட்டபோது, மற்றதோடு ஒப்பிட அந்தக் கடையில்தான் விற்பனை ஏறியது. ஐந்து ஸ்டார் ஏற்றிவிடுவதைவிட ஒற்றை ஸ்டார் இறக்கிவிடுவது அதிகம் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

தோசைக்கல்காரருக்கும் இப்படியொரு ‘இரண்டாவது கடை’ இருக்கிறது. விளம்பரத்தைப் பார்க்காமல், ஷாப்பிங் தளத்தில் தாங்களாகவே ‘தோசைக்கல்’ என்று தேடி வந்தவர்கள். அவர்களும் அதே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அதே ஸ்டார், அதே விலை. ஜூனில் அப்படி வந்த 3000 பேரில் 150 பேர் வாங்கினார்கள். ஆகஸ்டில் 3000 பேரில் 210 பேர். நூற்றுக்கு 5 என்பது 7 ஆகியிருக்கிறது, 1.4 மடங்கு.

இனி கணக்கு எளிது. விளம்பரம் மாறாமலே இருந்திருந்தாலும், விளம்பர வழியாக வந்தவர்கள் வாங்குவதும் ஏறக்குறைய 1.4 மடங்கு ஆகியிருக்கும். 60-ஐ 1.4 ஆல் பெருக்கினால் 84. உண்மையில் விற்றது 90. கூடுதலான 30-ல் 24 எப்படியும் வந்திருக்கும். புது விளம்பரத்தின் பங்காக மிஞ்சுவது 6.

அந்த ஆறையும் அப்படியே நம்ப முடியாது. எதுவுமே மாறாத மாதங்களில்கூட விற்பனை கொஞ்சம் ஏறி இறங்கும். எவ்வளவு ஆடும் என்று சுமாராகத் தெரிந்துகொள்ள, ஆர்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பார்த்தால் போதும். 90-க்கு அது ஒன்பதரை. ஒன்பது, பத்து ஆர்டர் தானாகவே கூடவும் குறையவும் செய்யும் இடத்தில் ஆறு ஆர்டரைக் காட்டி ‘விளம்பரம் வென்றது’ என்று சொல்வதற்கில்லை. தோற்றது என்றும் சொல்வதற்கில்லை.

அதேபோல, அந்த 24-ஐ அப்படியே ஸ்டார் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஆகஸ்டில் விலை குறைந்திருக்கலாம், போட்டிக் கடையில் சரக்கு தீர்ந்திருக்கலாம். 24 என்பது ‘விளம்பரத்தால் வராதது’, அவ்வளவுதான் தெரியும்.

ஸ்டாரை மட்டும் தனியாக அளக்க மைக்கேல் லூகா ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவில் உணவகங்களுக்கு ஸ்டார் போடும் யெல்ப் தளம், சராசரியை அரை ஸ்டாருக்கு முழுமையாக்கிக் காட்டி வந்தது. சராசரி 3.24 என்றால் மூன்று ஸ்டார், 3.25 என்றால் மூன்றரை. இந்த இரண்டு உணவகங்களின் சமையலில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அரை ஸ்டார் வித்தியாசம். சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயை இந்தக் கோட்டின் இருபுறமும் வைத்து ஒப்பிட்டு, ஒரு ஸ்டார் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று 2011-ல் அவர் எழுதினார். ஏற்கெனவே ஊரறிந்த சங்கிலி உணவகங்களிடம் அந்த விளைவு தென்படவில்லை. பெயர் தெரியாத கடைக்குத்தான் ஸ்டார் பேசுகிறது. இந்த வழிக்கு நூற்றுக்கணக்கான பொருட்கள் வேண்டும். ஒரே ஒரு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

நம் வியாபாரி செய்யக்கூடியது, விளம்பரத்தைத் தனியாக அளப்பது. பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். இரண்டையும் ஒரே நாட்களில் ஓடவிட்டு, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துவிட்டால், இரு பக்கமும் வருகிறவர்கள் பார்ப்பது ஒரே 4.3 ஸ்டார், ஒரே 160 ரிவ்யூ. ஸ்டார் நடுவில் ஏறினால் இருவருக்கும் சேர்த்தே ஏறும். மிஞ்சும் வித்தியாசம் விளம்பரத்துடையது. விளம்பரம் ஷாப்பிங் தளத்துக்குள்ளேயே ஓடுகிறது என்றால் இது இன்னும் அவசியம். அமேசான் போன்ற தளங்களில் விளம்பரப் படத்துக்குக் கீழேயே ஸ்டாரும் ரிவ்யூ எண்ணிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே கிளிக்கைக்கூட விளம்பரத்தின் சாதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

தேடி வந்தவர்களை வைத்து ஒப்பிடுவதிலும் ஒரு ஓட்டை உண்டு. அவர்கள் தேடல் பட்டியலிலேயே ஸ்டாரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவருக்கோ பக்கத்தைத் திறந்த பிறகுதான் ஸ்டார் தெரியும். ஆகவே ஸ்டாரின் பாதிப்பு இரு கூட்டத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. 1.4 ஒரு மதிப்பீடு, தராசு எடை இல்லை.

குலுக்கல் சோதனையையும் ஒரு மாதத்தோடு முடித்துவிட்டால் ஏமாற இடமுண்டு. ‘எண்ணெயே வேண்டாம், ஒட்டவே ஒட்டாது’ என்று ஒரு விளம்பரம். ‘கனமான கல், முதலில் சில நாள் பழக்க வேண்டும்’ என்று இன்னொன்று. முதலாவது கிளிக்கை அள்ளும். அந்த மாத விற்பனையும் அதற்கே கூடலாம். வாங்கியவர் வீட்டில் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும்போது அது ஒற்றை ஸ்டாராகத் திரும்பி வரும். அந்த ஸ்டார் இரண்டு விளம்பரத்தின் விற்பனையையும் சேர்த்தே இழுக்கும். தவறு எதனுடையது என்று சோதனை காட்டாது. அதனால் ஆர்டர் எண்ணிக்கையோடு, எந்த விளம்பரத்தில் வந்தவர்கள் கல்லைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். விளம்பரம் சொன்ன பொய்க்கான முதல் தடயம் அந்தப் பட்டியலில்தான் கிடைக்கும், ஸ்டார் சரிவதற்குச் சில வாரம் முன்பாகவே.