சக்கையோடு போவது என்ன?

ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸுக்கு மூன்று நான்கு பழங்கள் வேண்டும். அத்தனையையும் ஒரே மூச்சில் தின்னச் சொன்னால் பலரும் இரண்டாவது பழத்திலேயே போதும் என்பார்கள். ஜூஸாக வந்தால் டம்ளர் நொடியில் காலி.

இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர் கென்னத் ஹீட்டனின் குழு அளந்து பார்த்தது. 1977-இல் வெளியான அந்த ஆய்வில் பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், சக்கை நீக்கிய சாறாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்து 60 கிராம்தான். ஆப்பிளில் அது பெரும்பாலும் சர்க்கரை. பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாறு உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வோ பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் மிகக் குறைவு.

ரத்தப் பரிசோதனையில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சர்க்கரை ஏறிய உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. சாறு குடித்தபோது, பழம் தின்றபோது சுரந்ததைவிட அதிகமாக இன்சுலின் சுரந்தது. அது சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டது. கூழிலும் இந்தச் சரிவு ஓரளவு இருந்தது. முழுப் பழத்தில் இல்லை. இப்படிச் சர்க்கரை இறங்கும்போது சீக்கிரமே பசிக்கலாம். ஆகவே, சாப்பிட்டதும் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

கூழில் நார்ச்சத்து அப்படியே இருக்கிறதே, அது ஏன் பழம்போல வேலை செய்யவில்லை? பழத்தின் சர்க்கரை நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தச் செல்களின் சுவர்தான் நார்ச்சத்து. பற்களும் இரைப்பையும் சுவர்களை உடைக்க உடைக்கச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகவே வெளியே வரும். நாரிலுள்ள பெக்டின் நீரில் கரைந்து கொழகொழப்பாகி, குடல் அதை உறிஞ்சும் வேகத்தையும் தணிக்கும். மிக்ஸி சுவரை முன்கூட்டியே உடைத்துவிடுகிறது. வடிகட்டி அந்தச் சுவரையே அகற்றிவிடுகிறது.

நார்ப்பொடியைச் சாற்றில் கலந்தால் சரியாகிவிடுமா? 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையும் சோதித்தார்கள். மதிய உணவுக்கு முன் ஆப்பிள் தின்றவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். நார் சேர்த்த சாறு, சேர்க்காத சாற்றைவிடப் பசியைக் கூடுதலாக அடக்கவில்லை. சிதைந்த அமைப்பைப் பொடியால் திருப்பிக் கட்ட முடியவில்லை.

இவை சிலரை வைத்து ஓரிரு வேளை உணவில் செய்த சோதனைகள்தாம். ஜூஸ்தான் சர்க்கரை நோயைத் தருகிறது என்று இவற்றைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் ஜூஸின் இந்த வேகம் மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒன்று. சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது, நினைவோடு இருந்தால், அரை டம்ளர் ஜூஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் முழுப் பழத்தைக் கொடுத்தால் சர்க்கரை ஏறத் தாமதமாகும்.