ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கடன் கிடைக்குமா? வங்கி பார்ப்பது என்ன?



வானூர் வட்டாரத்தில் நம் பிள்ளைகளில் பலர் சேதராப்பட்டு, திண்டிவனம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. இருந்தும் ஒரு கடனுக்கு மனுப்போட்டால், “வேலையில் நிலைத்தன்மை இல்லை” என்று வங்கி திருப்பி அனுப்பிவிடுகிறது. இது ஏன் நடக்கிறது, இதில் நாம் சரிசெய்யக்கூடியது எது என்பதை இங்கே விளக்குகிறோம்.

வட்டிக் கடனைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இங்கே நாம் பேசுவது தகுதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை மட்டும்தான். வட்டியில்லாக் கடன் தருகிறவர்களும், திருப்பிக் கட்டும் வருமானம் தொடர்ந்து வருமா என்ற இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

ஒரே வேலை, மூன்று முதலாளிகள்

ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளாக ஒரே தொழிற்சாலையில், ஒரே இயந்திரத்தில் நிற்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் கான்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தொழிற்சாலை அல்ல, கான்ட்ராக்டர். ஆகவே வங்கியின் கண்ணுக்கு அவர் மூன்று இடம் மாறியவர். இப்போதைய இடத்தில் ஏழு மாத அனுபவம் மட்டுமே உள்ளவர்.

தனிநபர் கடனுக்கு வங்கிகள் பொதுவாக மொத்தம் ஓரிரு ஆண்டு அனுபவமும், இப்போதைய இடத்தில் சில மாதங்களாவது வேலை செய்திருப்பதையும் எதிர்பார்க்கின்றன. அளவு வங்கிக்கு வங்கி மாறும். நம் சகோதரருக்கு நான்கு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதைக் காட்டும் காகிதம்தான் இல்லை.

அந்தக் காகிதம் பெரும்பாலும் பி.எஃப். கணக்கில் கிடைக்கும். கான்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் யு.ஏ.என். எண் மாறக்கூடாது. பி.எஃப். உறுப்பினர் தளத்தில் `View` என்பதன் கீழ் `Service History` என்று ஒரு பக்கம் உண்டு. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அதில் வரிசையாக இருக்கும். மூன்று கான்ட்ராக்டர்களின் பெயரும் இடைவெளியின்றி அங்கே வந்தால், நான்கு ஆண்டு உழைப்புக்கு அதுவே சாட்சி.

அந்தப் பக்கத்தில் வரும் கோளாறுகள்

முதலாவது, விலகிய தேதி. பழைய கான்ட்ராக்டர் போகும்போது அதைப் பதியாமல் போய்விடுவார். அப்போது ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்வதுபோல் பதிவு நிற்கும். இதற்குக் கான்ட்ராக்டரைத் தேடி அலைய வேண்டாம். கடைசித் தொகை கட்டப்பட்டு இரண்டு மாதம் கழிந்தபின், அதே தளத்தில் `Manage` என்பதன் கீழ் `Mark Exit` மூலம் தொழிலாளியே பதியலாம். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். ஒருமுறை பதிந்த தேதியைத் திருத்துவது கடினம் என்பதால் பார்த்துப் பதியுங்கள்.

இரண்டாவது, பெயர். நம் வீடுகளில் இது அதிகம். ஆதாரில் முகமது, பான் அட்டையில் முஹம்மது, பி.எஃப். பதிவில் இனிஷியலோடு வேறொன்று. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். இதனால் பழைய கணக்கு புதியதோடு சேராமல் நிற்கும், வங்கியின் சரிபார்ப்பும் தடைபடும். ஆதாரில் உள்ள எழுத்துப்படியே மற்றவற்றைத் திருத்திக்கொள்வது நல்லது. பி.எஃப். பதிவை `Joint Declaration` வழியாகத் திருத்தலாம்.

மூன்றாவது, சம்பளம் வரும் வழி. சில இடங்களில் சூப்பர்வைசர் தன் சொந்த எண்ணிலிருந்து ஜிபேயில் அனுப்பிவிடுகிறார். வங்கிக் கணக்குத் தாளில் அது நண்பர் அனுப்பிய பணம்போலத்தான் தெரியும். கையில் வாங்கி நாமே கணக்கில் போட்டாலும் அது சம்பளமாக எண்ணப்படாது. நிறுவனத்தின் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு வரவேண்டும், சம்பளச் சீட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வங்கி பெரும்பாலும் மூன்று மாதச் சீட்டும் ஆறு மாதக் கணக்குத் தாளும் கேட்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

நம் சகோதரர் கையில் வாங்குவது 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது பல வங்கிகள் வைத்திருக்கும் கணக்கு. சம்பளம் குறைவானவர்களுக்கு இதைவிடவும் குறைத்துப் பார்ப்பார்கள். பாதி என்றால் 9,000. பைக் தவணை 2,600 போக மிச்சம் 6,400.

மூன்று ஆண்டுக் கடனில் வட்டி 14 சதவீதமானால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 3,418 ரூபாய். அப்படியானால் அவருக்கு ஏறக்குறைய 1,87,000 வரை வாய்ப்புண்டு. ஆவணம் சரியில்லாமல் 24 சதவீதம் கேட்கும் நிதி நிறுவனத்துக்குப் போனால் அதே ஒரு லட்சத்துக்குத் தவணை 3,923. மூன்று ஆண்டில் லட்சத்துக்கு 18,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகும். பைக் கடன் முடிய நாலைந்து மாதம்தான் இருக்கிறதென்றால், அதை முடித்துவிட்டு மனுப்போடுவது லாபம்.

வேலை மாறியவர்களுக்கு

புது இடத்தில் சம்பளம் கூடிய உடனே மனுப்போட வேண்டாம். குறைந்தது மூன்று மாதச் சம்பளம் கணக்கில் ஏறட்டும். தகுதிகாண் காலம் இருந்தால் அது முடியட்டும். பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதத்தையும் புது இடத்தின் நியமனக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை முழுதாக எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராஜினாமா கொடுத்துவிட்டு அதை மறைத்துப் பழைய சம்பளச் சீட்டில் கடன் கேட்பது பொய் வாக்குமூலம். சரிபார்க்கும்போது தெரிந்துவிடும்.

மறுத்துவிட்டால்

அடுத்த வங்கி, அதற்கடுத்த செயலி என்று ஒரே மாதத்தில் நாலு இடத்தில் மனுப்போடாதீர்கள். ஒவ்வொரு மனுவும் கடன் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. சிபில் போன்ற நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். காரணம் அதில் இருக்கிறதா, பி.எஃப். பதிவில் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தபின் மறுபடி போகலாம்.

மரக்காணம் உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, மழைக்காலத்தில் வேலையும் இல்லை. அவர்களும், சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனைப் பற்றி விசாரிக்கலாம். இதுவும் வட்டியுள்ள கடன்தான், வட்டி குறைவு. இங்கே கேட்பது சம்பளச் சீட்டு அல்ல, குடும்ப ஆண்டு வருமானச் சான்று. வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கவேண்டும். தொழிலுக்குத் தருகிற இந்தக் கடனைக் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ கேட்க முடியாது. விழுப்புரத்திலுள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் கூட்டுறவு வங்கிகளிலும் விவரம் கிடைக்கும்.

கடன் தேவை வரும்வரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் `Service History` பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேதியோ பெயரோ தவறாக இருந்தால் அதைத் திருத்தி முடிக்கச் சில வாரங்கள் பிடிக்கும். மருத்துவச் செலவோ வீட்டு வேலையோ வந்து நிற்கும்போது அந்த அவகாசம் நமக்கு இருக்காது.