கிளிக் ஐயாயிரம், ஆர்டர் இருபத்தைந்து

சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான், கணக்குப் புரிவதற்காக எண்களையும் முழு எண்களாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்ஷீட் 900 ரூபாய். துணி, தையல், பேக்கிங், கூரியர் எல்லாம் போக அவர் கையில் நிற்பது 300 ரூபாய். இரண்டு விளம்பரங்களைத் தயார் செய்து ஆளுக்கு 10,000 ரூபாய் ஒதுக்குகிறார்.

முதல் விளம்பரத்தில் பளிச்சென்று ஒரு படுக்கையறை, மேலே கொட்டை எழுத்தில் ‘நம்ப முடியாத விலை’ என்ற வாசகம். விலை எவ்வளவு என்பது மட்டும் இல்லை. இரண்டாவதில் மடித்து வைத்த பெட்ஷீட், அளவு, பருத்தி ரகம், 900 ரூபாய் விலை. பார்க்கக் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும்.

வாரக் கடைசியில் கணக்கு வருகிறது. முதல் விளம்பரம் 2 லட்சம் முறை திரையில் தோன்றி 5,000 கிளிக் வாங்கியிருக்கிறது. அதாவது கிளிக் விகிதம், தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் சி.டி.ஆர்., 2.5 சதவீதம். 10,000 ரூபாயை 5,000 கிளிக்கால் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு ஆன செலவு, அதாவது சி.பி.சி., 2 ரூபாய். இரண்டாவது விளம்பரம் 1,25,000 முறை தோன்றி 1,000 கிளிக் மட்டுமே வாங்கியிருக்கிறது. கிளிக் விகிதம் 0.8 சதவீதம், ஒரு கிளிக் 10 ரூபாய். இதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் இரண்டாவதை நிறுத்திவிட்டு முதலாவதற்கே முழுப் பணத்தையும் போடச் சொல்வார்கள். விளம்பர ஏஜென்சிகள் அனுப்பும் மாத அறிக்கைகளில் பல இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. ஏஜென்சிக்கு அது வசதியும்கூட.

ஆர்டர் புத்தகத்தைத் திறந்தால் கதை மாறுகிறது. முதல் விளம்பரத்தில் வந்த 5,000 பேரில் வாங்கியவர்கள் 25 பேர். கன்வெர்ஷன் 0.5 சதவீதம். இரண்டாவதில் வந்த 1,000 பேரில் 40 பேர் வாங்கினார்கள்; 4 சதவீதம். ஓர் ஆர்டரைப் பிடிக்க முதலாவதில் 400 ரூபாய் செலவு, இரண்டாவதில் 250. ஆர்டருக்கு 300 ரூபாய் மிஞ்சும் வியாபாரத்தில் முதலாவது ஒவ்வோர் ஆர்டரிலும் 100 ரூபாயைக் கையைவிட்டுப் போகவைக்கிறது. இரண்டாவது 50 ரூபாய் தருகிறது. மலிவாகக் கிடைத்த கிளிக்குகள், விலை என்னவென்று பார்க்க வந்து, 900 என்று தெரிந்ததும் திரும்பிப் போனவர்களின் கிளிக்குகள். இரண்டாவது விளம்பரம் அவர்களை வாசலிலேயே வடிகட்டிவிட்டது.

அப்படியானால் கிளிக் விகிதத்தைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும், ஆனால் தீர்ப்பு சொல்ல அல்ல. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க. கிளிக்கே விழவில்லை என்றால் படத்திலோ, அது காட்டப்படும் ஆட்களிடமோ பிரச்சினை. கிளிக் விழுந்து ஆர்டர் விழவில்லை என்றால் விளம்பரம் சொன்னதும் பக்கம் காட்டியதும் ஒத்துப்போகவில்லை, அல்லது பக்கம் திறக்கவே நேரம் எடுக்கிறது, அல்லது விலை. இன்னொரு காரணமும் உண்டு. கூகுள் 2002-ல் தன் தேடல் விளம்பரங்களை ஏலத்துக்கு மாற்றியபோது, யார் அதிகத் தொகை கேட்கிறார் என்பதோடு யாருடைய விளம்பரத்தில் அதிகக் கிளிக் விழுகிறது என்பதையும் சேர்த்தே வரிசையை முடிவு செய்தது. அதனால் நல்ல கிளிக் விகிதம் உள்ளவருக்கு அதே இடம் குறைந்த விலையில் கிடைக்கிறது. கிளிக் விகிதத்தின் பலன் அந்த அளவோடு சரி.

எந்தக் கிளிக்கை எண்ணுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மெட்டாவின் விளம்பரத் திரையில் Clicks (all) என்று ஒரு வரி இருக்கும். லைக் போட்டது, கமெண்ட் எழுதியது, கடையின் பெயரைத் தட்டிப் பார்த்தது எல்லாம் அதில் சேரும். Link clicks என்பது கடைப் பக்கத்துக்கான இணைப்பைத் தட்டியவை. Landing page views என்பது அந்தப் பக்கம் உண்மையில் திறந்து முடிந்தவை. பேருந்தில் போகும்போது விரல் தவறிப் பட்டு, பக்கம் திறப்பதற்குள் வெளியேறியவர் இரண்டாவதில் இருப்பார், மூன்றாவதில் இருக்கமாட்டார். இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் முதலில் பக்கத்தின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பெட்ஷீட்காரரின் 50 ரூபாய் லாபமும் இன்னும் உறுதியாகவில்லை. நம் ஊரில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களில் ஒரு பகுதி, வாசல்வரை போய்த் திரும்பி வரும். அவருடைய 40 பார்சலில் 8 அப்படித் திரும்பியது என்றால், பணமாக மாறியது 32 மட்டுமே. 10,000 ரூபாயை 32-ஆல் வகுத்தால் 312 ரூபாய் 50 காசு. லாபம் என்று காட்டிய விளம்பரமும் நட்டத்துக்குள் போய்விட்டது; திரும்பி வந்த பார்சலின் கூரியர் கூலி இன்னும் இதில் சேரவில்லை. விளம்பரச் செலவின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. திரையில் ‘கன்வெர்ஷன்’ என்று தெரிவது ஆர்டர் போட்ட கணம். கல்லாவில் பணம் விழுந்த கணம் அல்ல. வாங்கியவர்களில் பலர் விளம்பரம் இல்லாமலே மறுபடி வந்து வாங்கும் பொருள் என்றால் முதல் ஆர்டரில் கொஞ்சம் நட்டப்படுவது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்ததெல்லாம் கூட்டல், கழித்தல், வகுத்தல். இதற்குப் பிறகு வருவதுதான் பெரிய நிறுவனங்களையே ஏமாற்றிய கேள்வி: இந்த 40 பேரும் விளம்பரம் இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார்களா?

இபே நிறுவனம் இதை 2012-ல் சோதித்துப் பார்த்தது. தேடல் பெட்டியில் ‘இபே’ என்றே தட்டுகிறவர்களுக்கும் அது விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. அந்த விளம்பரத்தைத் தட்டியவர்கள் தளத்துக்குப் போனார்கள், பொருள் வாங்கினார்கள். எண்கள் அமோகமாக இருந்தன. அப்போது அங்கே பணியாற்றிய பொருளியலாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரின் ஆய்வில், அந்த ஆண்டு மார்ச்சில் யாகூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடலிலும் இந்த விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. கூகுளில் தொடர்ந்தன. விளம்பரம் நின்றதும் இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், அதே பக்கத்தில் சற்றுக் கீழே இருந்த இலவச இணைப்பின் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. ‘இபே’ என்று தட்டியவர் இபேக்குப் போகத்தான் தட்டினார். நடுவில் ஒரு சுங்கச்சாவடிக்கு நிறுவனம் காசு கட்டிக்கொண்டிருந்தது.

பெயரைத் தேடாமல் பொருளைத் தேடுகிறவர்கள் விஷயத்தில் நிலைமை வேறாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அதற்கும் சோதனை நடந்தது. அமெரிக்காவின் சுமார் 30 சதவீதப் பகுதிகளில் 60 நாட்களுக்குக் கூகுள் விளம்பரங்களை நிறுத்தி, மற்றப் பகுதிகளோடு விற்பனையை ஒப்பிட்டார்கள். கண்ணில் படும்படியான வித்தியாசம் இல்லை. வழக்கமான முறையில், செலவையும் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளம்பரத்தின் ஆதாயம் 4,000 சதவீதத்தைத் தாண்டியது. சோதனை சொன்னது மைனஸ் 63 சதவீதம். போட்ட ஒவ்வொரு டாலரிலும் 63 சென்ட் போனது. 2015-ல் ‘எகனாமெட்ரிகா’ ஆய்விதழில் வந்த கட்டுரை இது.

எப்படி இவ்வளவு தூரம் பிசகியது? காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். விளம்பரத்தை அதிகமாகத் தட்டியவர்கள் ஏற்கெனவே இபேயில் அடிக்கடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள். புதிதாக வந்தவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது. ஆனால் பணத்தின் பெரும்பகுதி பழைய வாடிக்கையாளர்களின் கிளிக்குக்கே போனது.

இதைப் படித்துவிட்டு எல்லா விளம்பரத்தையும் நிறுத்துவது தவறு. இபே, ஊரறிந்த பெயர். பெயரே தெரியாத ஒரு கடை விளம்பரத்தை நிறுத்தினால் அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனால் ஒரு வகை விளம்பரத்தில் சின்னக் கடைக்கும் இதே பொறி இருக்கிறது. பெட்ஷீட்டைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவரைத் துரத்தித் துரத்திக் காட்டப்படும் விளம்பரங்கள். அவற்றின் கன்வெர்ஷன் எப்போதும் பிரமாதமாக இருக்கும். அவர்களில் சிலர் சம்பள நாளுக்காகக் காத்திருந்தவர்கள், எப்படியும் வாங்கியிருப்பார்கள். போதாக்குறைக்கு, மெட்டாவின் வழக்கமான அமைப்பில் விளம்பரத்தைத் தட்டி ஏழு நாளுக்குள் வாங்கியவரும், தட்டாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரும் விளம்பரத்தின் கணக்கில் ஏறுவார்கள். கூகுளும் அதே ஆர்டருக்கு உரிமை கொண்டாடும். இரண்டு திரைகளின் ஆர்டர்களையும் கூட்டினால் பில் புத்தகத்தில் உள்ளதைவிட அதிகமாக வருவது இதனால்தான்.

உண்மையை அறிய இபேயின் வழியைச் சிறிய அளவில் செய்யலாம். ஆர்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் இரண்டு மாவட்டங்கள் வேண்டும். கோவையும் சேலமும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்குக் கோவையில் மட்டும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு சேலத்தில் தொடர வேண்டும். ஒரே ஊரில் ‘நிறுத்துவதற்கு முன், நிறுத்திய பின்’ என்று ஒப்பிடுவதைவிட இது நம்பகமானது. முன்பின் ஒப்பீட்டில் தீபாவளி வந்து குறுக்கிட்டால், விளம்பரம் இல்லாமலே விற்பனை ஏறியிருக்கும். இரண்டு மாவட்டம் இருந்தால் தீபாவளி இரண்டிலும் வரும்.

எண்கள் சிறியவை என்பதை மறக்காமல் இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் வழக்கமாக 60 ஆர்டர் வருகிறது என்றால், எந்தக் காரணமும் இல்லாமலே அது ஏழு, எட்டு கூடியோ குறைந்தோ வரும். எதிர்பார்க்கும் எண்ணின் வர்க்கமூலம்தான் இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தோராயமான அளவு. சேலத்தில் 60 அப்படியே இருக்க, கோவையில் 52 வந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. 35 வந்தால் விளம்பரம்தான் அந்த 25 ஆர்டரையும் கொண்டுவந்துகொண்டிருந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கோவைக்கு அந்த இரண்டு வாரத்தில் செலவழித்திருக்கக்கூடிய தொகையை, திரையில் தெரிந்த ஆர்டர்களால் வகுக்காமல், இந்த 25-ஆல் வகுத்து 300 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 52-ஆ 35-ஆ என்று தெளிவில்லாமல் 45 வந்தால், அடுத்த இரண்டு வாரம் மாவட்டங்களை மாற்றி, சேலத்தில் நிறுத்திக் கோவையில் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.