தனுஷ்கோடியில் நிற்கும் போனுக்கு இலங்கைக் கட்டணம் ஏன்?

கொமரலிங்கத்திலிருந்து ராமேஸ்வரம் போகிறீர்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கியதும் இலங்கை வரவேற்கிறது என்று போனில் குறுஞ்செய்தி! கடலைத் தாண்டாமலே வெளிநாடா?

இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவே மலையோ கட்டடமோ இல்லாததால், இலங்கைக் கோபுரத்தின் அலை தடையின்றி வருகிறது.

ஒவ்வொரு கோபுரமும் தன் நாட்டு எண்ணை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. உங்கள் போன் முதலில் சொந்த நிறுவனத்தைத் தேடும். அது கிடைக்காவிட்டால்தான் அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டும்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் போவது வெளியூர் மளிகைக்கடையில் கடன் கேட்பது போல. அந்தக் கடைக்காரர் கொமரலிங்கத்துக் கடைக்காரரிடம் விசாரிப்பார். "கொடுங்க, நான் பொறுப்பு" என்றால் சரக்கு தருவார். பில் ஊர்க்கடை வழியாக உங்களிடம் வரும், வெளியூர் விலையில். சிம்மில் சர்வதேச ரோமிங் இல்லையென்றால் கடன் கிடையாது, கட்டணமும் கிடையாது.

சரி, இந்திய அலை திரும்பியதும் போன் தானாக மாறாதா? சிக்கலே இங்கேதான். வெளிநாட்டு வலையில் பதிவான போன், தான் வெளிநாட்டில் இருப்பதாகவே நினைக்கும். பொதுவான விதிப்படி அந்நாட்டு வலைகளுக்குள்தான் மேலானதைத் தேடும். இலங்கை அலை அறுபடும்வரை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குள் வரும் அழைப்புக்கும் காசு, பின்னணியில் ஓடும் வாட்ஸ்அப்புக்கும் காசு.

பாம்பனைத் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.